ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் பாடசாலையில் பம்ப் கொடுக்கச் சொல்லி எழுதும் கடிதம்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பிள்ளைக்கு முட்டு எண்டு கிளினிக் கொப்பியில இருக்கு. அதக் கொண்டுபோய்க் காட்டினாப் போதாதா? கடிதம் வேற எதுக்கு?

கிளினிக் கொப்பி டொக்டருக்கும் மருந்து கொடுப்பவருக்கும் எழுதப்பட்டது. அதில் மருந்தின் பெயரும் அளவும் சுருக்கெழுத்தில் இருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை மூச்சு எடுக்க முடியாமல் மேசையில் குனிந்து இருக்கும்போது, ஒரு ஆசிரியர் அதைப் பார்த்து எதையும் செய்ய முடியாது.

உங்கள் கடிதம் ஒரு காரியத்துக்காக எழுதப்படுகிறது. உங்கள் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர், வகுப்பாசிரியர் லீவில் நிற்கும் நாளில், யாருக்கும் ரெலிபோன் எடுத்து அனுமதி கேட்காமல், இரண்டு நிமிடத்துக்குள் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். கடிதத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று குழம்பும்போதெல்லாம் இதை வைத்தே தீர்மானியுங்கள். பிள்ளைக்கு எத்தனை வயதில் முட்டு தொடங்கியது, எந்தெந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள் என்ற கதை அங்கே தேவையில்லை. எத்தனை தடவை அடிக்க வேண்டும், பம்ப் எங்கே இருக்கிறது, எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பவை முதல் பக்கத்திலேயே கண்ணில் பட வேண்டும்.

அப்ப கடிதத்த எப்படி எழுதுற? ஒரு மாதிரி தாங்க.

களுவாஞ்சிகுடிப் பக்கம் தரம் 4 படிக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீல நிற சல்பியூட்டமோல் பம்பும் ஸ்பேசரும் பாவிக்கிறான். ஓடினால் முட்டு வரும். அவனுடைய கடிதம் இப்படி இருக்கலாம்.

திகதி: …………

அதிபர் அவர்கள்,
………… வித்தியாலயம்.
வகுப்பாசிரியர் ஊடாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

தரம் 4 இல் கற்கும் எனது மகன் ………… ஆஸ்துமா நோய் உள்ளவர். பாடசாலை நேரத்தில் முட்டு ஏற்பட்டால் கீழே உள்ளபடி அவருக்குப் பம்ப் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதற்கு என்னிடம் மீண்டும் அனுமதி கேட்கத் தேவையில்லை. முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் எனக்கு அறிவிக்கவும்.

அவருக்கு முட்டு தொடங்கும்போது தொடர்ந்து இருமுவார், நெஞ்சு இறுக்குது என்பார், மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம் கேட்கும்.

மருந்து: சல்பியூட்டமோல் பம்ப், ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம், நீல நிறம். ஸ்பேசருடன் மட்டும் கொடுக்கவும்.

அளவு: நிமிர்ந்து இருக்க வைத்து 4 தடவை, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு தடவைக்கும் ஸ்பேசரில் 4 மூச்சு. பிறகு 4 நிமிடம் பார்க்கவும். குறையாவிட்டால் மீண்டும் 4 தடவை. அதன் பிறகும் குறையாவிட்டால் 1990 ஐ அழைக்கவும். ஆம்புலன்ஸ் வரும்வரை 4 நிமிடத்துக்கு ஒருமுறை 4 தடவை தொடரவும்.

பேச முடியாவிட்டால், உதடு நீலமானால், சோர்ந்து தூங்கப் பார்த்தால் காத்திருக்காமல் உடனே 1990 ஐ அழைத்து, பம்ப் கொடுத்துக்கொண்டே இருக்கவும்.

உடற்கல்விப் பாடம் உள்ள நாட்களில் பாடத்துக்கு 15 நிமிடத்துக்கு முன் 2 தடவை கொடுக்கவும்.

பம்ப் இருக்கும் இடம்: அவரது புத்தகப் பையின் முன் அறையில் ஒன்று, வகுப்பாசிரியர் மேசையில் பெயர் எழுதிய டப்பாவில் ஒன்று.

கொண்டுபோக வேண்டிய இடம்: களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. கிளினிக் கொப்பியின் பிரதி இத்துடன் உள்ளது.

தாய்: ………… தந்தை: ………… பாடசாலைக்கு அருகில் உள்ள சித்தி: …………

வைத்தியர் சொன்ன அளவையே இங்கு எழுதியுள்ளேன். இவ்வளவின்படி மருந்து கொடுப்பதற்கு எனது முழுச் சம்மதத்தையும் தெரிவிக்கிறேன்.

இங்ஙனம்,
…………

இதைவிட நீட்ட வேண்டாம். ஒரு தாளின் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். மறுபக்கத்தில் எழுதியதை அவசரத்தில் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மூன்றாவது ரெலிபோன் இலக்கம் பாடசாலைக்கு நடந்து வரக்கூடிய ஒருவருடையதாக இருப்பது நல்லது. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அல்லது ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில், உண்மையில் பாடசாலைக்கு வந்து சேரப்போகிறவர் அவர்தான்.

எத்தன தடவ அடிக்கிற எண்டு நாங்களே எழுதலாமா?

வேண்டாம். மேலே உள்ள கணக்கு பல இடங்களில் முதலுதவியாகச் சொல்லித் தரப்படும் ஒன்று. சில டொக்டர்மார் ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்துத் தடவை வரை கொடுக்கச் சொல்வார்கள். இரண்டும் பிழையல்ல. ஆனால் உங்கள் பிள்ளைக்கு உங்கள் டொக்டர் சொன்னதுதான் கணக்கு.

கிளினிக்குக்குப் போகும் நாளில் மூன்றே கேள்வி கேளுங்கள். முட்டு வந்தால் எத்தனை தடவை? எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுக்கலாம்? எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு எடுக்க வேண்டும்? பதிலைக் கொப்பியிலேயே எழுதிக் கையொப்பமும் முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், டொக்டருக்கு நேரம் இருக்காது. அதனால் கடிதத்தை முன்னரே எழுதி, எண்களுக்கு மட்டும் இடம் விட்டுக் கொண்டுபோனால் அரை நிமிடத்தில் நிரப்பி வாங்கிவிடலாம்.

"தேவைப்பட்டால் 2 தடவை" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் நிறைய. இரண்டு தடவை கொடுத்தும் பிள்ளை இழுத்துக்கொண்டிருந்தால் அடுத்து என்ன செய்வது என்று அந்தக் கடிதம் சொல்லாது. ஆசிரியரும் அளவு கூடிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிடுவார். கை நடுக்கமும் நெஞ்சு படபடப்பும் சல்பியூட்டமோல் கொடுத்தால் வரக்கூடியவை, கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். முட்டோடு இருக்கும் பிள்ளைக்கு மருந்து குறைவாகக் கிடைப்பதுதான் ஆபத்து. இந்த ஒரு விசயத்தை ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்.

எங்களக் கேக்காமக் குடுக்க வேணாம் எண்டு எழுதினா என்ன? பயமாக் கிடக்கு.

பயம் விளங்குகிறது. ஆனால் அந்த வரி கடிதத்தில் இருந்தால் நடப்பது இதுதான். ஆசிரியர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்புவார், அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ரெலிபோன் எடுப்பார்கள், நீங்கள் பஸ்ஸிலோ வயலிலோ நிற்பீர்கள், மணி அடித்தும் கேட்காது. அதற்குள் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். ஆரம்பத்தில் நாலு தடவையில் அடங்கியிருக்கக்கூடிய முட்டு, மூச்சுக்குழாய் இறுகி வீங்கிய பிறகு பம்புக்கு இலகுவில் இளகாது.

சல்பியூட்டமோல் சில நிமிடங்களில் வேலை செய்யும் மருந்து. முட்டு இல்லாத பிள்ளைக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் நாலு தடவையால் பெரிய தீங்கு வராது. சந்தேகம் வந்தால் கொடுப்பதே பாதுகாப்பு. அதனால்தான் மாதிரியில் "முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டு" என்று எழுதியிருக்கிறோம்.

ஸ்பேசரையும் அனுப்பணுமா? அது பெரிசு, பிள்ளை வெக்கப்படுது.

அனுப்ப வேண்டும். பம்பை நேரே வாயில் வைத்து அடித்தால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் பட்டு நின்றுவிடும். அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். முட்டு வந்த பிள்ளையால் அது முடியாது. ஸ்பேசர் இருந்தால் மருந்து உள்ளே நின்று, பிள்ளை தன் பாட்டில் மூச்சு எடுக்கும்போது நெஞ்சுக்குள் போகும். சாதாரண முட்டுக்கு, ஆஸ்பத்திரியில் நெபுலைசர் பிடிப்பதற்குச் சமமான பலனை ஸ்பேசரோடு அடிக்கும் பம்பும் தரும். இதை ஆசிரியருக்குச் சொன்னால் கையில் இருப்பதை நம்பிக் கொடுப்பார்.

செய்முறையைக் கடிதத்தோடு ஒரு சிறு அட்டையில் எழுதி, ஸ்பேசர் டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மூடியைக் கழற்ற வேண்டும். பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்துளையில் செருக வேண்டும். பிள்ளை வாய்ப்பகுதியைப் பல்லுக்கு இடையில் வைத்து உதட்டால் இறுக மூட வேண்டும். சின்னப் பிள்ளையென்றால் முகமூடியை மூக்கையும் வாயையும் சேர்த்து இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு தடவை அழுத்தி, பிள்ளையை ஆறுதலாக நாலைந்து மூச்சு எடுத்து விடச் சொல்ல வேண்டும். பிறகு பம்பைத் திரும்பக் குலுக்கி அடுத்தது.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, நாலையும் ஒரேயடியாக ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு மூச்சு இழுக்கச் சொல்வது. அப்படிச் செய்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரில் ஒட்டிவிடும், உள்ளே போவது கொஞ்சம்தான். மற்றது, ஸ்பேசரைக் கழுவித் துணியால் துடைப்பது. துடைத்த பிளாஸ்டிக் மருந்தைத் தன்னோடு இழுத்து ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி விட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் காயவிட்டுத் திரும்ப அனுப்புங்கள்.

வெட்கத்துக்கு ஒரு வழி: வகுப்பாசிரியர் ஒரு நாள் வகுப்பு முழுவதற்கும் அதைக் காட்டி, இது எதற்கு என்று சொல்லிவிட்டால் ஒளித்து வைக்க வேண்டிய தேவை போய்விடும். முட்டு வந்தால் ஓடிப்போய் ஆசிரியரிடம் சொல்லப்போவதும் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிதான்.

பம்ப எங்க வைக்கிற? அதிபர் ஒஃபிஸ் அலுமாரியில வைக்கச் சொல்லுறாங்க.

மருந்து பூட்டி இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. குளிசைகளுக்கு அது சரி. பம்புக்குச் சரி வராது. அலுமாரிச் சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போயிருப்பார். பம்ப் பாடசாலைக்குள் இருந்தும் பிள்ளையின் கைக்கு வராது. இதை அதிபரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: பூட்டில்லாத, மற்றப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத, எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த இடம் வேண்டும்.

தானாகவே பம்ப் அடிக்கத் தெரிந்த பிள்ளை தன்னோடு ஒன்றை வைத்திருக்கலாம். எந்த வயது என்று ஒரு கோடு கிடையாது. வீட்டில் உங்கள் முன்னால் பிழையில்லாமல் செய்கிறதா, எப்போது தேவை என்று தானே சொல்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் "பையில் பம்ப் வைத்திருக்க அனுமதிக்கவும்" என்ற வரியைச் சேருங்கள். பை சோதிக்கும் நாளில் மாணவத் தலைவர்கள் பறித்து வைத்த பம்பும் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் பம்புக்குச் சமம்தான். புலமைப்பரிசில், சாதாரண தரம் போன்ற பரீட்சைகளுக்குப் பை மண்டபத்துக்கு வெளியே போய்விடும். அதற்கு முன்கூட்டியே அதிபருக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, பரீட்சை மேற்பார்வையாளருக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

வெப்பம் இன்னொரு பிரச்சினை. பெரும்பாலான பம்புகளில் 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லி எழுதியிருக்கும். எங்கள் பக்கத்துத் தகரக் கூரை வகுப்பில் சித்திரை வெயிலில் அது சாத்தியமில்லை. முடிந்தது, யன்னலோரத்தையும் வெயில் படும் மேசையையும் தவிர்ப்பது, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விடாமல் இருப்பது. பையில் தண்ணீர் போத்தல் இருக்கும் அறையிலும் வைக்க வேண்டாம்.

பம்ப் முடிஞ்சிட்டா எண்டு எப்படித் தெரியும்? தண்ணில போட்டுப் பாக்கலாம் எண்டுறாங்க.

போடாதீர்கள். மிதப்பதை வைத்து மருந்து இருக்கிறதா என்று சொல்ல முடியாது, முனையும் அடைத்துக்கொள்ளும். குலுக்கினால் சத்தம் கேட்பதும் அடையாளமில்லை. மருந்து தீர்ந்த பிறகும் தள்ளும் வாயு மிஞ்சியிருப்பதால் "புஸ்" என்று அடிக்கும். பிள்ளைக்கு அடித்தது போலவே இருக்கும், முட்டு மட்டும் குறையாது.

எண்ணி வையுங்கள். சாதாரணமாக ஒரு பம்பில் 200 தடவை இருக்கும், பெட்டியில் எழுதியிருக்கும். சில பம்பில் எண் காட்டும் சிறு கண்ணாடி உண்டு. இல்லாவிட்டால் மாதிரிக் கடிதத்துப் பிள்ளைக்குக் கணக்குப் பாருங்கள். கிழமைக்கு இரண்டு நாள் உடற்கல்வி, நாளுக்கு 2 தடவை என்றால் கிழமைக்கு 4. பன்னிரண்டு கிழமைத் தவணைக்கு 48. இடையில் இரண்டு முறை முட்டு வந்து எட்டெட்டுத் தடவை கொடுத்தால் 16. மொத்தம் 64. ஆக ஒரு தவணைக்குள் முடியாது. பாடசாலைப் பம்ப் ஒரு தவணைக்குள்ளேயே காலியானால், யாரோ எண்ணாமல் அடித்திருக்கிறார்கள், அல்லது பிள்ளைக்கு முட்டு கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டில் எதுவென்று பார்க்க வேண்டும்.

நாட்கணக்கில் சும்மா கிடந்த பம்பின் முதல் அடியில் மருந்து சரியாக வராது. புதிதாகத் திறந்ததையும், ஒரு கிழமை பாவிக்காததையும் குலுக்கி இரண்டு தடவை காற்றில் அடித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாள் வேறு எண் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

எங்கட பிள்ளைக்கு கிளினிக்கில தாறது குளிசைய உள்ள போட்டு இழுக்கிற கருவி. அதுக்கும் இதே கடிதமா?

மருந்துப் பகுதியை மாற்றி எழுத வேண்டும். அந்தக் கப்சியூலுக்குள் இருப்பது தூள். கருவியில் போட்டு உடைத்து, வாயில் வைத்து, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஸ்பேசர் தேவையில்லை. ஆனால் "குளிசை" என்று கடிதத்தில் எழுதிவிட்டால் ஆசிரியர் தண்ணீரோடு விழுங்கக் கொடுத்துவிடுவார், அதனால் முட்டுக்குப் பயன் வராது. "விழுங்கக் கூடாது, கருவியில் போட்டு இழுக்க வேண்டும்" என்று தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

இதற்கு ஒரு குறை உண்டு. முட்டு கடுமையானால் பிள்ளையால் வேகமாக இழுக்க முடியாது, தூள் கருவிக்குள்ளேயே நின்றுவிடும். மாரி மழைக் காலத்து ஈரத்தில் கப்சியூல் இளகியும் போகும். எனவே பாடசாலையில் வைப்பதற்கென்று மட்டும் ஒரு பம்பும் ஸ்பேசரும் எழுதித் தர முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளில் இது முக்கியமானது.

காலையும் பின்னேரமும் அடிக்கிற மற்றப் பம்ப்?

அது வீட்டிலேயே இருக்கட்டும். முட்டு வராமல் தடுக்கும் மருந்து அது, வந்த முட்டை உடனே இளக்காது. இரண்டையும் பாடசாலைக்கு அனுப்பினால் அவசரத்தில் மாறிப் போகும். பாணி மருந்தையும் அனுப்ப வேண்டாம். அது வேலை செய்யத் தொடங்க நேரம் எடுக்கும், நடுக்கமும் கூட.

எந்த நேரம் 1990க்கு அடிக்கிற? ஓட்டோவில கெதியாக் கொண்டு போகலாம் தானே?

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குதல், மூச்சு எடுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே இழுபடுதல், உதடு நீலம் அல்லது சாம்பல் நிறமாதல், குழம்பிப் பேசுதல், தூங்கி விழுதல். இவற்றில் ஒன்று கண்டாலும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். எல்லோரையும் ஏமாற்றும் அடையாளம் ஒன்று இருக்கிறது. விசில் சத்தம் நின்றுவிடும், ஆனால் பிள்ளை தெளிவடையாது. மூச்சுக்குழாய் வழியாகக் காற்றே போகவில்லை என்பதால் சத்தம் இல்லை. "சத்தம் நிண்டுட்டு, சுகமாயிட்டு" என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை கதைக்கிறதா, முகம் தெளிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியருக்குச் சொல்லி வையுங்கள்.

1990 இலவசம், ஆம்புலன்ஸில் ஒட்சிசன் இருக்கும். அதனால் முதலில் அதை அழைப்பதுதான் சரி. வந்து சேர நேரமாகும் என்று அவர்கள் சொன்னால், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால், ஓட்டோவில் ஏற்றலாம். இரண்டு பெரியவர்கள் போக வேண்டும், ஒருவர் பிள்ளையை நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் பம்ப் கொடுக்க. மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோகக் கூடாது. சோர்ந்த பிள்ளை சரிந்துவிடும், வழியில் மருந்தும் கொடுக்க முடியாது. படுவான்கரைப் பாடசாலைகளுக்கு ஒரு வரி கூடுதலாக வேண்டும். வாவியைக் கடந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வர நேரமெடுப்பதால், இரண்டாவது நாலு தடவைக்குக் காத்திராமல், முதல் நாலும் கேட்கவில்லை என்றவுடனேயே அழைக்கச் சொல்லி எழுதலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

படுக்க வைப்பது, சுடுதண்ணீர் பருக்குவது, நெஞ்சில் தைலம் தேய்ப்பது, இன்னொரு பிள்ளையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது. நல்ல மனதோடு செய்யப்படும் இந்த நாலும் நேரத்தைத் தின்றுவிடும். கடைசியில் சொன்னது மிக ஆபத்தானது. முட்டு அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம் என்று கடிதத்திலேயே கேட்கலாம்.

விளையாட்டுப் போட்டி, சிரமதானம் எல்லாத்துக்கும் பிள்ளைய விடாம இருக்கட்டா?

விளையாட்டுக்கு விடுங்கள். டொக்டர் சொல்லியிருந்தால் ஓட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் 2 தடவை கொடுத்து, மெதுவாக உடலைச் சூடாக்கிவிட்டு ஓடலாம். பம்பும் மைதானத்துக்கு வர வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் வகுப்பறைகள் பூட்டியிருக்கும், பம்ப் மேசைக்குள் கிடக்கும். உடற்கல்வி ஆசிரியருக்குக் கடிதத்தின் ஒரு பிரதி தனியாகக் கொடுங்கள்.

சிரமதானம் வேறு. வகுப்பறை கூட்டுதல், ஒட்டடை அடித்தல், குப்பை எரித்தல், நுளம்புப் புகை அடித்தல் ஆகியவற்றில் இருந்து விலக்குக் கேட்பது நியாயம். தூசு அடங்கும்வரை தள்ளி நின்று வேறு வேலை செய்யட்டும். அம்பாறைப் பக்கம் மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடைத் தூசும் வைக்கோல் எரிக்கும் புகையும் பாடசாலைக்குள்ளேயே வரும். அந்த மாதங்களில் முட்டு கூடுமென்றால் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: உடற்கல்விக்கு முன் கொடுப்பதைத் தவிர, கிழமைக்கு இரண்டு முறைக்கு மேல் நீலப் பம்ப் தேவைப்பட்டால், தடுப்பு மருந்து போதவில்லை என்று அர்த்தம். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிள்ளை தமிழ்ப் பாடசாலையில படிக்குது, நோன்புக்கு லீவு இல்ல. நோன்போட பம்ப் அடிக்க மாட்டன் எண்டுது.

நோயாளி நோன்பை விட்டுப் பிறகு நோற்கலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. முட்டு வந்த நேரத்தில் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் ஆசிரியர் வேறு சமயத்தவராக இருந்தால், பிள்ளை மறுக்கும்போது கட்டாயப்படுத்தத் தயங்குவார். அதனால் கடிதத்தில் உம்மா வாப்பா கையொப்பத்தோடு இருக்கட்டும்: "நோன்பு நாளிலும் முட்டு வந்தால் பம்ப் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு நாங்கள் சொல்லியிருக்கிறோம்." வீட்டில் அதை உண்மையாகவே பிள்ளைக்குச் சொல்லவும் வேண்டும். தடுப்புப் பம்பை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளலாமா என்று கிளினிக்கில் கேட்கலாம். கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

ரீச்சர் பொறுப்பெடுக்க ஏலாது எண்டுறா. என்ன செய்யிற?

அவர் பயப்படுவது பிழையாகக் கொடுத்தால் தன் தலையில் விழும் என்று. அதைக் கோபமாக எடுக்காதீர்கள். டொக்டரின் கையொப்பமிட்ட பிரதியும் உங்கள் சம்மதமும் கடிதத்தில் இருந்தால் அவர் தன் விருப்பத்துக்குச் செய்யவில்லை, எழுதியதைச் செய்கிறார் என்று ஆகும். பிறகு ஒரு நாள் இடைவேளையில் போய் ஸ்பேசரைக் கையில் கொடுத்து, பம்ப் இல்லாமல் ஒருமுறை செய்து காட்டுங்கள், அவரையும் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. பக்கத்து வகுப்பு ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுத்தால் திகதி, நேரம், எத்தனை தடவை, எப்படி இருந்தது என்று எழுத ஒரு சிறு கொப்பியை டப்பாவோடு வையுங்கள். அது ஆசிரியருக்குப் பாதுகாப்பு, கிளினிக் டொக்டருக்கு நல்ல தகவல்.

கச்சான், இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் இந்தக் கடிதமே போதுமா?

போதாது. தனிக் கடிதம் வேண்டும், ஏனென்றால் மருந்தே வேறு. உணவு ஒவ்வாமையில் மூச்சு முட்டினால் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. பம்போ, தடிப்புக்குக் கொடுக்கும் குளிசையோ அதற்கு ஈடாகாது. பிள்ளைக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் இரண்டும் இருந்தால் குழப்பம் வரும் இடம் இதுதான். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டும்போது தடிப்பு, முகவீக்கம், வாந்தி இருந்தால் அதை வெறும் முட்டு என்று எடுக்கக் கூடாது. அட்ரினலின் பேனா எழுதித் தந்திருந்தால் முதலில் தொடையில் அது, பிறகு பம்ப். பேனா இல்லாவிட்டால் உடனே 1990ஐ அழைத்து, "சாப்பாட்டு ஒவ்வாமை, மூச்சு முட்டுது" என்று அந்தச் சொற்களாலேயே சொல்ல வேண்டும். பிள்ளையை நடக்க விடக் கூடாது.

கடிதத்த ஒருக்காக் குடுத்தாப் போதுமா?

ஒவ்வொரு ஆண்டும் வகுப்பு மாறும்போது புதிதாகக் கொடுங்கள். பழைய வகுப்பாசிரியரின் மேசைக்குள் இருக்கும் கடிதம் புதியவருக்குத் தெரியாது. மருந்தோ அளவோ ரெலிபோன் இலக்கமோ மாறினால் அன்றே மாற்றி, பழையதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். இரண்டு கடிதம் இரண்டு அளவோடு கிடந்தால் எதைப் பார்ப்பது என்று நிற்பார்கள். நாலு பிரதி எடுங்கள்: அதிபருக்கு ஒன்று, வகுப்பாசிரியருக்கு ஒன்று, உடற்கல்வி ஆசிரியருக்கு ஒன்று, பம்ப் டப்பாவுக்குள் ஒன்று. உங்களிடம் உள்ள பிரதியில் அதிபரிடம் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். தவணை விடுமுறைக்கு முதல் நாள் பம்பையும் ஸ்பேசரையும் வீட்டுக்கு எடுத்து, காலாவதித் திகதி பார்த்து, கழுவி, தவணை தொடங்கும் நாளில் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள்.